ஆபத்தைச் சொன்னவர் கைக்கு மெமோ வரும்போது

இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷின் ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மெஷினின் முன்பக்கம் லைட் கர்டன் இருக்கிறது. கை உள்ளே போனால் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிக்கற்றை அறுபட்டு, மேலிருந்து இறங்கி அழுத்தும் பகுதியான ஸ்லைடு நின்றுவிட வேண்டும். ஆனால் கர்டன் அடிக்கடி மெஷினை நிறுத்தி உற்பத்தி குறைகிறது என்று யாரோ பேனலைத் திறந்து ஒரு துண்டு ஒயரைப் போட்டுக் கர்டனின் சிக்னலைத் தாண்டிவிட்டார்கள். ஓட்டுபவர் இதைக் கவனிக்கிறார். சூப்பர்வைசரிடம் மூன்று தடவை சொல்கிறார், மூன்றும் வாய்வார்த்தை. நான்காவது வாரம் அவருக்கு ஒரு மெமோ வருகிறது. அதில் லைட் கர்டனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "பணியில் அடிக்கடி தாமதம், மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவு" என்று இருக்கிறது. இரண்டு மாதத்தில் வேலை போய்விடுகிறது.

ஆபத்தைச் சொன்னவரைப் பழிவாங்கும்போது காகிதத்தில் அநேகமாக இப்படித்தான் இருக்கும். "பாதுகாப்புப் புகார் செய்ததற்காக நீக்குகிறோம்" என்று எந்த நிர்வாகமும் எழுதிக் கொடுக்காது. அதனால் விசாரணை அதிகாரி முன்போ நீதிமன்றத்திலோ நிற்கும்போது தொழிலாளி ஒரு சங்கிலியின் கண்ணிகள் போல மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டியிருக்கிறது: ஆபத்தை நான் சொன்னேன், சொன்னது என்னைத் தண்டித்தவருக்குத் தெரியும், தண்டனை வந்தது அதனால்தான். மேலே சொன்னவரிடம் முதல் கண்ணிக்கே ஆதாரம் இல்லை. "அப்படி எதுவும் எங்களிடம் சொல்லவில்லையே" என்று சூப்பர்வைசர் ஒரே வரியில் முடித்துவிடலாம். பல நாடுகளில் சட்டம் தொழிலாளியின் பக்கம் இருந்தும் வழக்கு தோற்பது இந்த இடத்தில்தான். ஆகவே புகாரை எப்படி எழுதுவது, எப்போது கொடுப்பது, கொடுத்த பிறகு எதைக் குறித்து வைப்பது என்பவற்றையே இங்கே பார்க்கிறோம்.

முதலில் புகாரின் வாசகம். "மெஷின் சரியில்லை, ரொம்ப ஆபத்தாக இருக்கிறது, நீங்கள் கண்டுகொள்வதே இல்லை" என்று எழுதினால் அதில் ஆபத்து எது என்று தெரியாது, கோபம் மட்டும் தெரியும். நிர்வாகம் அதையே "மரியாதைக் குறைவு" என்பதற்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளும். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். பிரஸ் விஷயத்தில் கவனிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. ஒளிக்கற்றை அறுபடும்போது கர்டனில் உள்ள சின்ன விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும், ஆனால் ஸ்லைடு நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். கர்டன் தன் வேலையைச் செய்கிறது, அது சொல்வது மெஷினுக்குப் போய்ச் சேரவில்லை என்பதை இது காட்டுகிறது. தாண்டுஒயர் போடப்பட்ட மெஷின்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று யாரும் கையை நீட்டக் கூடாது. வழக்கமாக ஷிப்ட் ஆரம்பத்தில் சோதனைக் கம்பியை வைத்துப் பார்க்கும்போதே இது தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்ததை இவ்வளவு எளிமையாக எழுதினால் போதும்:

"பிரஸ் எண் 4, முன்பக்க லைட் கர்டன். இன்று காலை 6.10-க்கு ஷிப்ட் சோதனையின்போது சோதனைக் கம்பியைக் கற்றையில் வைத்தேன். கர்டன் விளக்கு சிவப்பானது, ஸ்லைடு நிற்கவில்லை. இரண்டு முறை பார்த்தேன், இரண்டு முறையும் இப்படியே. அப்போது பக்கத்து மெஷின் ஆபரேட்டரும் இருந்தார். இந்த மெஷினில் டை அச்சுக்குள் கையை விட்டு பீஸை எடுக்க வேண்டியிருப்பதால் கை நசுங்கும் ஆபத்து உள்ளது. இதைச் சரிசெய்து சோதிக்கும் வரை மெஷினை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை வேறு மெஷினிலோ வேறு வேலையிலோ பணிசெய்யத் தயாராக இருக்கிறேன். இதே விஷயத்தை இம்மாதம் 3-ம் தேதியும் 9-ம் தேதியும் சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன்."

இதில் யார் மேலும் குற்றச்சாட்டு இல்லை. யார் ஒயரைப் போட்டது என்ற ஊகமும் இல்லை. அந்த ஊகம் தப்பாகிவிட்டால் மொத்தப் புகாரையும் பொய் என்று ஒதுக்கிவிடுவார்கள். எந்த மெஷின், எந்த நேரம், என்ன பார்த்தேன், யாருக்கு என்ன ஆகலாம், என்ன செய்யச் சொல்கிறேன் என்ற ஐந்தும் இருக்கின்றன. "வேறு வேலை செய்யத் தயார்" என்ற வரி மிக முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். கடைசி வரி பழைய வாய்மொழிப் புகார்களுக்கும் ஒரு தேதி கொடுத்துவிடுகிறது. அந்தத் தேதிகளை நிர்வாகம் அப்போதே மறுத்து எழுதாவிட்டால், பின்னாளில் மறுப்பது கஷ்டம்.

ஆபத்து எவ்வளவு பெரியது என்று ஓரிரு வரியில் சொல்ல முடிந்தால் புகார் இன்னும் உறுதியாகும். கர்டனை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று கணக்கிடும் சர்வதேசத் தரத்தில், கிட்டத்திலிருந்து கை நீளும் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மெஷின் நிற்க 0.2 வினாடி ஆனால் அந்த நேரத்தில் கை 40 சென்டிமீட்டர் போய்விடும். கர்டன் நல்ல நிலையில் இருந்தாலே இவ்வளவு தூரம் தேவைப்படுகிறது. தாண்டுஒயர் போட்ட மெஷினுக்கு நிற்கும் நேரம் என்ற ஒன்றே இல்லை, ஸ்லைடு கீழே போய் அடிக்கும் வரை ஓடும். படித்தவுடன் யாருக்கும் புரிகிற கணக்கு இது.

ஒன்றைச் செய்யவே கூடாது. பேனலைத் திறந்து அந்த ஒயரைத் தானே பிடுங்கி எறிவது. கை அரிக்கத்தான் செய்யும், நியாயமாகவும் படும். ஆனால் அனுமதி இல்லாமல் பேனலைத் தொட்டது ஒழுங்கு நடவடிக்கைக்கு உண்மையான காரணமாகிவிடும். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டாமல் தொட்டால் உயிருக்கே ஆபத்து. தவிர, ஆதாரமும் போய்விடும். புகைப்படமும் அப்படித்தான். போன் கொண்டுவரத் தடை உள்ள இடத்தில் படம் எடுத்தால், ஆபத்தைப் பற்றிய பேச்சு போய்ப் போனைப் பற்றிய பேச்சு ஆகிவிடும். அதற்குப் பதிலாக மெஷின் லாக் புக்கிலோ ஷிப்ட் சோதனைப் படிவத்திலோ அன்றே எழுதிவிடலாம். அது நிர்வாகத்தின் சொந்தப் பதிவேடு, அதில் எழுதுவது ஆபரேட்டரின் வேலை. "எனக்குத் தெரியாது" என்று சொல்லப்போகிறவரின் கையெழுத்தே பெரும்பாலும் அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும்.

எழுதியதை யாரிடம் கொடுப்பது? நேரடி சூப்பர்வைசருக்கும், பிரதி சேஃப்டி அதிகாரிக்கோ சேஃப்டி கமிட்டித் தொழிலாளர் பிரதிநிதிக்கோ. ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் அந்த ஒருவரின் ஞாபகசக்தியை நம்பியிருக்க வேண்டும். காகிதமாகக் கொடுத்தால் இரண்டாவது பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால், "இன்று காலை உங்களிடம் கொடுத்த பிரஸ் 4 புகார் தொடர்பாக" என்று அன்றே ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பினாலும் தேதி நிலைத்துவிடும். நிறுவன மின்னஞ்சலில் மட்டும் வைத்திருப்பது பெரிய தவறு. சஸ்பெண்ட் ஆன நாளன்று முதலில் பறிபோவது அந்தக் கணக்குதான். அதற்காக நிறுவனத்தின் வரைபடங்களையும் ரகசிய ஆவணங்களையும் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளக் கூடாது, அதுவும் வேலைநீக்கத்துக்குக் காரணமாகும். தான் எழுதிய புகார், தனக்கு வந்த பதில், தன் கைக்குறிப்பு, தன் சம்பளச் சீட்டு, தனக்கு வந்த மதிப்பீட்டுக் கடிதங்கள் ஆகியவற்றின் பிரதிகள் வீட்டில் இருந்தால் போதும்.

மதிப்பீட்டுக் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. புகார் கொடுப்பதற்கு முன்பே அவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். போன வருடம் "வருகை நன்று, வேலை திருப்தி" என்று எழுதியவர்களே புகாருக்கு மூன்று வாரம் கழித்துத் தாமதத்துக்கு மெமோ கொடுத்தால், அந்தப் பழைய கடிதம்தான் மூன்றாவது கண்ணியைக் காட்டும்.

அடுத்தது, புகார் கொடுத்தும் அந்த மெஷினையே ஓட்டச் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வி. அதற்கு 1974-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் வேர்ல்பூல் தொழிற்சாலையில் நடந்ததைப் பார்ப்பது நல்லது. தலைக்கு மேல் ஓடும் கன்வேயரிலிருந்து பொருட்கள் கீழே இருப்பவர்கள் மேல் விழாமலிருக்க, தரையிலிருந்து சுமார் 20 அடி உயரத்தில் கம்பிவலை கட்டியிருந்தார்கள். பராமரிப்புத் தொழிலாளர்கள் வலையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் நின்று வேலை செய்வார்கள். சில நேரம் வலை மீதே கால் வைக்க வேண்டியிருக்கும். ஜூன் 28 அன்று ஒருவர் வலை வழியாக விழுந்து இறந்துபோனார்.

ஜூலை 7-ம் தேதி இரண்டு தொழிலாளர்கள் பராமரிப்புக் கண்காணிப்பாளரைச் சந்தித்து வலையைப் பற்றிச் சொன்னார்கள். திருப்தியான பதில் இல்லை. 9-ம் தேதி ஆலையின் பாதுகாப்பு இயக்குநரிடம் அரசின் தொழில் பாதுகாப்பு அலுவலகத் தொலைபேசி எண்ணைக் கேட்டார்கள். என்ன செய்கிறீர்கள் என்று நின்று யோசியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் எண்ணைக் கொடுத்தார். அன்றே அவர்கள் அந்த அலுவலகத்தைத் தொடர்புகொண்டார்கள். அடுத்த நாள் இரவு ஷிப்டில் ஃபோர்மேன் பழைய வலையின் ஒரு பகுதியில் ஏறி வேலை செய்யச் சொன்னார். மறுத்தார்கள். மிச்சமிருந்த ஆறு மணி நேரத்துக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருவர் கோப்பிலும் கண்டனக் கடிதம் சேர்ந்தது. வழக்கு நடந்து 1980 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இப்படி மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை தரும் அரசு விதி செல்லும் என்றது.

அந்த விதியின் நிபந்தனைகள் அமெரிக்காவுக்கானவை என்றாலும், எங்கே இருப்பவரும் தன் மறுப்பை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உயிர் போகும் அல்லது பலத்த காயம் ஏற்படும் அபாயம் என்று அதே இடத்தில் நிற்கும் நியாயமான எவருக்கும் தோன்ற வேண்டும். ஆய்வாளரை வரவழைத்துச் சரிசெய்ய நேரமில்லாத அவசரமாக இருக்க வேண்டும். முடிந்தவரை முதலில் நிர்வாகத்திடம் சரிசெய்யக் கேட்டிருக்க வேண்டும். மறுப்பு நல்லெண்ணத்தோடு, வேறு வழியில்லாமல் வந்ததாக இருக்க வேண்டும். அந்த இரண்டு பேர் மூன்று நாளில் செய்தவை இந்த நிபந்தனைகளுக்கு ஏறக்குறைய வரிக்கு வரி பொருந்துவதைக் கவனியுங்கள். முதலில் உள்ளே சொன்னார்கள், பிறகு வெளியே சொன்னார்கள், கடைசியில்தான் மறுத்தார்கள். ஒரு சாவு நடந்து இரண்டு வாரம்கூட ஆகாததால் பயம் நியாயமானதா என்ற கேள்விக்கும் அதிகம் இடமில்லை. அதே சமயம், மறுத்த நேரத்துக்குக் கூலி தந்தே ஆக வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. மறுப்பவர் இதைத் தெரிந்துகொண்டு மறுக்க வேண்டும்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981-ம் ஆண்டு 155-ம் எண் உடன்படிக்கையிலும் இதே கருத்து இருக்கிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து என்று நம்ப நியாயமான காரணத்தோடு வேலையிலிருந்து விலகியவரைத் தகாத விளைவுகளிலிருந்து காக்க வேண்டும் என்று அதன் 13-வது பிரிவு சொல்கிறது. அப்படிப்பட்ட ஆபத்தைத் தொழிலாளி உடனே நேரடி மேலாளருக்குச் சொல்ல வேண்டும், தேவையானால் நிர்வாகம் அதைச் சரிசெய்யும் வரை அவரைத் திரும்ப அந்த இடத்துக்குப் போகச் சொல்லக் கூடாது என்கிறது 19-வது பிரிவு. 2022-ல் இந்த உடன்படிக்கை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாக்கப்பட்டது. ஆனாலும் பல நாடுகளில் இதைக் காட்டி நேராக வழக்குப் போட முடியாது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் அது எந்த வடிவில் வந்திருக்கிறது என்று தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுக்கும் நேரத்தில் உடம்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கோபத்தில் பஞ்ச் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் அது "பணியை விட்டு ஓடியது" ஆகிவிடும். வேலையிடத்திலேயே, ஆபத்தான இடத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். "இந்த மெஷினை இந்தக் குறை தீரும் வரை ஓட்ட மாட்டேன், வேறு எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்" என்று சாட்சி முன்னிலையில் சொல்ல வேண்டும். புகாரில் எழுதிய "வேறு வேலை செய்யத் தயார்" என்ற வரி கைகொடுப்பது இப்போதுதான். மறுப்பு ஒரு மெஷினுக்கு மட்டும்தான், வேலைக்கே அல்ல என்று அது காட்டிவிடுகிறது. வீட்டுக்குப் போகச் சொன்னால் யார் சொன்னார், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கேட்க வேண்டும். எழுதித் தரமாட்டார்கள், ஆனால் கேட்டதைக் குறித்துக்கொள்ளலாம். தன் இடத்தில் வேறொருவரை அந்த மெஷினில் நிறுத்தினால், நான் ஏன் மறுத்தேன் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் நடப்பது இதுதான், அடிபடுவதும் விஷயம் தெரியாத அந்த இரண்டாவது ஆள்தான்.

பெயர் போடாமல் ஆய்வாளருக்கு எழுதினால் என்ன என்று பலரும் கேட்பார்கள். அரசின் தொழிலாளர் ஆய்வாளர்கள் புகார் யாரிடமிருந்து வந்தது என்பதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 1947-ம் ஆண்டு தொழிலாளர் ஆய்வு உடன்படிக்கை சொல்கிறது. புகாரின் பேரில்தான் சோதனைக்கு வந்தோம் என்றுகூட நிர்வாகத்திடம் காட்டிக்கொள்ளக் கூடாது. எனவே ஆய்வாளரிடம் பெயரைச் சொல்லி, நிர்வாகத்திடம் வெளியிட வேண்டாம் என்று கேட்பது ஒன்று, மொட்டைக் கடிதம் போடுவது வேறொன்று. மொட்டைக் கடிதம் எழுதியவரிடம் மேற்கொண்டு விவரம் கேட்க முடியாது என்பதால் அதற்கு மதிப்புக் குறைவு.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். சின்ன இடத்தில் பெயர் போடாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். பிரஸ் 4-ஐ ஓட்டுவது இரண்டே பேர் என்றால் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அப்போது நிர்வாகம் ஊகித்தே தண்டிக்கும், தண்டிக்கப்பட்டவரிடமோ "அவர்களுக்குத் தெரியும்" என்று காட்ட எதுவும் இருக்காது. இரண்டாவது கண்ணி அறுந்துவிடும். என் கணிப்பில், ஆளைச் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் பெயரோடு வெளிப்படையாக எழுதுவதே அதிகப் பாதுகாப்பு. முந்நூறு பேர் இருக்கும் கூடத்தில் எல்லோரையும் பாதிக்கும் தூசி, புகை, அடைத்து வைத்த அவசர வழி போன்ற புகார் என்றால் பெயரை மறைக்கச் சொல்வதில் பயன் உண்டு. எல்லாவற்றையும்விட நல்லது பலர் சேர்ந்து கையெழுத்திடுவது, அல்லது சேஃப்டி கமிட்டிப் பிரதிநிதி தன் பெயரில் எழுதுவது.

புகாருக்குப் பிறகு வருவது எப்போதும் வேலைநீக்கமாக இருக்காது. ஓவர்டைம் நின்றுவிடும். இரவு ஷிப்ட் தொடர்ந்து விழும். பதினைந்து வருடம் பிரஸ் ஓட்டியவரைக் குப்பை அள்ளும் வேலையில் விடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகக் காரணம் கிடைக்கும். அதனால் இவற்றைத் தேதிவாரியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில், நடந்த அன்றே எழுத வேண்டும். கூடவே அதே வேலை செய்யும் மற்றவர்களுக்கு அந்த வாரம் என்ன கிடைத்தது என்பதையும் எழுத வேண்டும். "எனக்கு ஓவர்டைம் இல்லை" என்பதை விட, "என் பிரிவில் ஆறு பேரில் ஐந்து பேருக்கு ஓவர்டைம் கிடைத்தது, புகார் கொடுத்த எனக்கு மட்டும் நான்கு வாரமாக இல்லை" என்பதுதான் எடுபடும். தாமத மெமோவும் அதே மாதிரி. தாமதமாக வந்திருந்தால் அதை மறுக்கக் கூடாது. அதே மாதம் அதே அளவு தாமதமாக வந்த மற்றவர்களுக்கு மெமோ போனதா என்றுதான் கேட்க வேண்டும்.

மெமோவுக்குப் பதில் எழுதாமல் விடக் கூடாது, கெடுவுக்குள் எழுத வேண்டும். கேட்ட விஷயத்துக்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லி, கடைசியில் ஒரு வரி சேர்க்கலாம்: "இம்மாதம் 12-ம் தேதி பிரஸ் எண் 4 குறித்து நான் கொடுத்த புகாருக்குப் பின்பே இந்த நடவடிக்கை வந்துள்ளதைப் பதிவு செய்கிறேன்." விசாரணைக்குக் கூப்பிட்டால் உதவிக்கு ஒரு சக தொழிலாளியையோ சங்கப் பிரதிநிதியையோ அழைத்துவர அனுமதி கேட்க வேண்டும்.

நாட்கள் கையை விட்டு நழுவுவது இந்தக் கட்டத்தில்தான். உள்ளே பேசித் தீர்த்துக்கொள்ளலாம், அப்பீல் முடிவு வரட்டும் என்று காத்திருப்பார்கள். அதற்குள் வெளியே முறையிடும் கெடு முடிந்துவிடும். அமெரிக்காவில் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பழிவாங்கல் புகாருக்கு 30 நாள்தான். பிரிட்டனில் பாதுகாப்புப் பிரதிநிதி ஒருவரை அந்தப் பணிக்காகவே நீக்கினால், வழக்கு முடியும் வரை சம்பளம் தொடர இடைக்கால நிவாரணம் கேட்கலாம். அதற்கு வேலை போன நாளிலிருந்து 7 நாள்தான் அவகாசம். உள் அப்பீல் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக இந்தக் கெடுக்கள் நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. தண்டனைக் கடிதம் கைக்கு வந்த அன்றே, தன் இடத்தில் கெடு எத்தனை நாள் என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டு, அந்தத் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். ஆபத்தைப் பற்றிய புகார் ஒரு அலுவலகத்துக்கும் பழிவாங்கலைப் பற்றிய புகார் இன்னொரு அலுவலகத்துக்கும் போக வேண்டியிருக்கலாம். மெஷினைப் பற்றி ஏற்கெனவே ஆய்வாளருக்கு எழுதியிருப்பது இரண்டாவது புகாருக்கும் சேர்த்துக் கணக்கில் வராது.

ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் சிக்கல். மெஷின் ஒரு நிறுவனத்துடையது, சம்பளம் கொடுப்பவர் வேறொருவர். புகார் கொடுத்த மறுநாள் நிறுவனம் "அவரை அனுப்ப வேண்டாம்" என்று காண்ட்ராக்டரிடம் ஒரு போன் போட்டால் போதும், யாரும் யாரையும் நீக்கியதாகக் காகிதத்தில் வராது. அதனால் ஒரே புகாரை ஒரே நாளில் இருவருக்கும் கொடுக்க வேண்டும். காண்ட்ராக்டருக்குப் போகும் பிரதியிலும் மெஷின் எண்ணும், நிறுவனத்தில் யாரிடம் கொடுத்தோம் என்பதும் இருக்க வேண்டும். வர வேண்டாம் என்று போனில் சொன்னால், "நாளை முதல் வர வேண்டாம் என்று இன்று மாலை 5.40-க்குப் போனில் சொன்னீர்கள், காரணம் என்ன, எந்த இடத்துக்கு எப்போது வர வேண்டும்?" என்று அப்போதே ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும், யார் எப்போது நிறுத்தினார் என்பது அந்தச் செய்தியில் பதிவாகியிருக்கும்.